எண்பது நிமிட ஆட்டங்கள்

2025 ஜனவரி 9, வியாழன். ஐந்தரைக்கு எழுந்தேன். ஜோகுபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, ஆறு ஐம்பதுக்கு மைதான அலுவலகத்தைத் திறந்தேன். காலைப் பயிற்சிக்கு இருபத்திரண்டு பேர். ஒருத்திக்குக் கணுக்கால் வீக்கம்; ஐஸ் வைத்து உட்கார வைத்தோம்.

பெண்கள் கால்பந்துக் கிளப் ஒன்றில் பதிவுப் பொறுப்பு என்னுடையது. வீராங்கனைகளின் படிவங்கள், நடுவர் கையெழுத்திட்ட ஆட்டத் தாள்கள், பயணச்சீட்டுகள் எல்லாம் என் அலமாரியில் இருக்கும். சீனியர் அணிப் பட்டியலில் அப்போது ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை மாலையோடு பதிவு முடிகிறது.

பதினோரு மணிக்கு எங்கள் அனலிஸ்ட் ஒரு கடிதம் கொண்டுவந்தார். ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்து ஒவ்வொரு பாஸையும் எண்ணுவது அவர் வேலை. இளையோர் அணியில் மிட்ஃபீல்டில் ஆடும் பதினெட்டு வயதுப் பெண்ணை அந்த இடத்துக்குப் பரிந்துரைத்திருந்தார். பதினோரு ஆட்டங்கள், எல்லாமே முழு ஆட்டம். தொண்ணூறு நிமிடத்துக்கு எதிரணியிடமிருந்து பந்தை மீட்டது எட்டு முறை. பந்தை முன்னேற்றிய பாஸ்கள் ஆறு.

அந்தப் பெண் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். இந்தப் பட்டியலில் இடம் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் நரசாபுரா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். கடிதத்தில் அது இல்லை. அனலிஸ்ட் என்னிடம் வாய்ப்பேச்சாகச் சொன்னார்.

கோச் அம்மா கௌதமபுரத்துக்காரர், மாநில அணிக்கு ஆடியவர். கடிதத்தை நின்றபடியே படித்தார்.

“கோல் ஒண்ணுகூட இல்லியே தம்பி.”

“அவ கோல் போட்ற ஆளில்ல கோச். புடுங்கி முன்னாடி தள்ற ஆளு.”

“சரி, அதுவே பாரு. நம்ம டீம்ல அந்த எடத்துல ஆட்றவளுக்கு பாஸு ஆறரைன்னு நீயே போன வாரம் காட்டின. இவ சின்னப் பச்சாங்க கூட ஆடியும் ஆறுதான். என்னாத்துக்கு லெட்டரு?”

கோச் கடிதத்தை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

கோப்பில் சேர்க்கும்போது கடிதத்தோடு உரிய ஆட்டத் தாள்களையும் இணைப்பது என் வழக்கம். பதினோரு தாள்களையும் எடுத்து அடுக்கினேன். முதல் தாளிலேயே இடைவேளை நாற்பதாவது நிமிடத்தில் இருந்தது. அடுத்ததிலும் அப்படியே. இளையோர் லீக்கில் ஆட்டம் எண்பது நிமிடம்தான். அனலிஸ்டின் கணினிப் படிவமோ, முழு ஆட்டம் என்று குறித்தால் தானாகவே தொண்ணூறு என்று நிரப்பிக்கொள்ளும். அவர் 990 நிமிடங்களால் வகுத்திருந்தார். அவள் ஆடியது 880.

காகிதத்தில் இரண்டு முறை போட்டேன். மீட்டது எண்பத்தெட்டு முறை: தொண்ணூறு நிமிடத்துக்கு ஒன்பது. பாஸ்கள் அறுபத்தாறு: ஆறே முக்கால்.

விடை சரியாக இருந்தும் பென்சிலை வைக்க முடியவில்லை. அந்தப் பதினோரு ஆட்டங்களிலும் கோட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். மழை பெய்ததும், கொடிக்கம்பம் சாய்ந்ததும் என் டைரியில் இருக்கின்றன. அவளைப் பற்றி ஒரு வரி இல்லை.

கோச்சிடம் காகிதத்தைக் காட்டி, தொழிற்சாலை விஷயத்தையும் சொன்னேன்.

“எம்பதா?” என்றார். “நானே அந்த லீக்ல ஆடிக்கிறேன் சார், எனக்கே தோணல. ஆனா பெரியவங்க இடிச்சா நிப்பாளா? மூணு மணிக்கு எறக்குங்க, பாக்கலாம்.”

சீனியர் அணியோடு அரை மணி நேர ஆட்டம். நான் ஒவ்வொரு மீட்புக்கும் ஒரு கோடு போடுவதாக ஏற்பாடு. மெலிந்த பெண், தோள்பட்டையெல்லாம் எலும்பு. பந்து அவளிடம் வருவதற்கு முன் இடப்பக்கம், வலப்பக்கம், பின்னால் என்று தலை திரும்பிக்கொண்டே இருந்தது. எதிரில் இருப்பவள் பாஸ் கொடுக்க முடிவு செய்வதற்குள் இவள் அந்த வழியில் நின்றாள். ஓடியதாகவே தெரியவில்லை. எங்கள் தடுப்பாட்டக்காரி ஒரு முறை நன்றாகவே மோதினாள். இவள் விழுந்தாள், விழுந்த இடத்திலிருந்தே காலை நீட்டிப் பந்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். என் தாளில் ஐந்து கோடுகள்தான் இருக்கின்றன. அதற்கு மேல் போட மறந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அப்படி ஆனதில்லை.

விசில் ஊதிய பிறகு கோச் மைதானத்துக்குள் நடந்தார். அவளைக் கூப்பிட்டார்.

“எந்த வண்டிம்மா உனக்கு?”

“ஆறு மணி வண்டி கோச்.”

“வீட்ல போயி சொல்லு, ஃபேக்டரிக்கு போவலன்னு. நாளையிலேர்ந்து பெரியவங்க கூட.”

அவள் தலையாட்டினாள். அனலிஸ்டின் பக்கம் திரும்பி, “உன் மிஷினுக்கு கணக்கு சொல்லிக்குடு தம்பி” என்றார் கோச். அனலிஸ்ட் சிரித்தார், கண் கலங்கியிருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கே அலுவலகத்தைத் திறந்தேன். விளக்குகூடப் போடாமல் கணினி முன் உட்கார்ந்து, சீனியர் பட்டியலின் கடைசி வரியில் அவள் பெயரை ஏற்றினேன்.