கைக்குட்டை: தேவையில்லை

எங்கள் நண்பர் கண்ணாடிக்காரர் எந்தப் படத்திலும் இரண்டாம் பாதியைப் பார்ப்பதே இல்லை என்று ஒரு வதந்தி கிளம்பியது. கிளப்பியவர் எங்கள் கூட்டத்துக் கேஷியர். இடைவேளையில் எல்லோரும் பாப்கார்னை நோக்கி ஓடும்போது ஒரே ஒருத்தர் மட்டும் வாசலை நோக்கி ஓடினாராம். நடையைப் பார்த்தால் நம்ம ஆள் மாதிரியே இருந்ததாம்.

நான் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த எட்டுப் பேர் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸப் குழுவில், வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு அவருடைய புதுப்பட விமர்சனம் வந்து விழும். மூன்று வருடமாக ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. கதையைத் துளிகூடக் கசியவிடாமல் எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஓர் உதாரணம் பாருங்கள்:

‘ரெண்டே கால் மணி நேரம். முதல் இருபது நிமிஷம் இழுக்கும், பொறுத்துக்கோங்க. ரெண்டாவது பாட்டுக்கு எழுந்து வெளிய போகலாம், ஒண்ணும் தவறாது. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாம். கைக்குட்டை: தேவையில்லை. முடிவைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்.’

இதற்குள் ஒரு சட்டப் புத்தகமே இருக்கிறது. முதல் வரி எப்போதும் படத்தின் நீளம்தான். ஏனென்றால் போன் பூட்டியிருந்தாலும் திரையில் முதல் இரண்டு வரி தெரிந்துவிடும். படிக்க விரும்பாதவன் கண்ணிலும் பட்டுவிடும். ‘ஒரு திருப்பம் இருக்கு’ என்று எழுத மாட்டார். திருப்பம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், பார்க்கிறவன் முதல் காட்சியிலிருந்தே போலீஸ்காரன் மாதிரி எல்லோரையும் சந்தேகப்படுவான். ‘அந்தப் படம் மாதிரி’ என்று ஒப்பிட மாட்டார். அந்தப் படத்தைப் பார்த்தவனுக்கு இந்தப் படத்தின் முடிவும் தெரிந்துவிடும். யாருடைய நடிப்பையும் தனியாகத் தூக்கிப் பேச மாட்டார். சின்ன வேடத்தில் வருபவரைப் புகழ்ந்தால், அவரிடம்தான் ஏதோ விஷயம் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். டிரெய்லரில் வந்ததைச் சொல்லலாம், அதற்கு மேல் ஒரு அங்குலமும் கூடாது.

இப்படிப்பட்டவர்மேல் அபாண்டமா? உண்மையைக் கண்டுபிடித்துக் கேஷியரின் மூக்கை உடைப்பதென்று முடிவு செய்து, அடுத்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக் காட்சிக்குப் போய், அவருக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தேன்.

ஒன்றேகாலுக்கு இடைவேளை விட்டார்கள். விளக்கு முழுதாக எரிவதற்குள் மனிதரைக் காணோம்.

அவர் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடை தெருவின் அந்தக் கோடியில். நான் போய்ச் சேர்ந்தபோது, அவருடைய மனைவியின் அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருக்க, இவர் பின்னறையில் லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“படம் எப்படி?” என்றேன்.

“நாலு மணிக்கு வரும், படிச்சுக்கோ.”

“முடிவு?”

“வாயே திறக்க மாட்டேன்.”

“திறந்தாத்தான் என்ன வரப்போகுது? பாதியிலயே எழுந்து ஓடினியேடா, நான் பின்னாடிதான் உக்காந்திருந்தேன்.”

இயந்திரத்தை நிறுத்தினார். “சாப்பாட்டு நேரம் ஒண்ணரை வரைக்கும்தான். மச்சான் வேற வாசலையே பாத்துட்டு உக்காந்திருப்பாரு. என்னை என்ன பண்ணச் சொல்ற? தெரியாததைச் சொல்லலை. தெரிஞ்சதை மட்டும் சொல்றேன். இதுல பொய் எங்க இருக்கு?”

“கைக்குட்டை தேவையில்லைங்கிறியே, அது?”

“இடைவேளை வரைக்கும் எவன்டா சாகறான்?”

ஊரார் பார்வையைச் சரிசெய்பவர் மூன்று வருடமாகப் பாதிப் படம் பார்த்து, முழுப் பெயர் வாங்கியிருக்கிறார். சிரித்துவிட்டுக் கிளம்பியிருப்பேன். அதற்குள் இருவர் போன்களும் ஒன்றாகக் கத்தின. குழுவில் நர்ஸ்.

எங்கள் எட்டுப் பேரில் அவளுக்குத்தான் மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு முழு விடுமுறை. தீவிர சிகிச்சைப் பிரிவு. அவள் எழுதியிருந்தது இதுதான்: ‘அடுத்த ஞாயிறு எனக்கு லீவு. அடுத்த வெள்ளி வர்ற காமெடி படத்துக்குப் போகலாம்னு இருக்கேன். கதை சொல்லாதே. ஆனா யாரும் சாகக் கூடாது. அதை நான் தினம் பாக்கறேன். இந்தத் தடவை கைக்குட்டையை மட்டும் மறைக்காம சொல்லு, அதை நம்பித்தான் போறேன்.’

கண்ணாடிக்காரர் அதை இரண்டு முறை படித்தார்.

“இதுக்கு முன்னாடியும் உன்னைக் கேட்டுட்டுத்தான் போனாளா?” என்றேன்.

“மூணு தடவை.”

“மூணுலயும் யாரும் சாகலையா?”

“தெரியாது,” என்றார். அன்றைக்குத்தான் முதல் முறையாக அந்த வார்த்தை அவருக்கு உறைத்தது.

அடுத்த வெள்ளி கடையில் நடந்ததைப் பிறகு அவரே சொன்னார்.

“மச்சான், இன்னைக்கு மூணு மணிக்குத்தான் வருவேன்.”

“என்ன மாப்ளே, படம் அவ்வளவு நீளமா?”

“எல்லாப் படமும் இதே நீளம்தானாம், மச்சான். எனக்குத்தான் தெரியாம இருந்திருக்கு.”

பார்த்தார், முழுதாக. இரண்டாம் பாதியில் ஒன்று நடக்கிறது. அது என்னவென்று நானும் சொல்லப் போவதில்லை. நீங்களும் பார்க்க வேண்டுமல்லவா. மூன்று மணிக்குக் கடைக்கு வந்தவரின் மூக்குச் சிவந்திருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாலு மணிக்கு விமர்சனம் வரவில்லை. ஐந்துக்கும் வரவில்லை. பின்னறையில் மூன்று வருட வித்தை மொத்தமும் கைவிட்டுப் போயிருந்தது. ‘முதல் பாதி நல்ல சிரிப்பு’ என்று அடித்தார். அப்படியானால் இரண்டாம் பாதி? அழித்தார். ‘கடைசி வரைக்கும் உக்காருங்க’, கடைசியில் என்ன? அழித்தார். ‘கைக்குட்டை: ஒண்ணு’ என்று போட்டால், காமெடி படத்துக்குக் கைக்குட்டை எதற்கு என்று குழந்தைகூடக் கேட்கும். ‘தேவையில்லை’ என்று போட்டால் நர்ஸ் படத்துக்குப் போய்விடுவாள். தெரியாதபோது பல்லைக் காட்டிய ஒவ்வொரு வரியும் தெரிந்ததும் கடித்தது.

ஐந்தரைக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கைக்குட்டை வரியையே விட்டுவிட்டு மற்றதை அனுப்பினார்.

கேஷியர் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. ‘கைக்குட்டை எங்கேடா?’

அடுத்தவன்: ‘ஐயோ, யாரோ போறாங்க!’

இன்னொருவன்: ‘போஸ்டர்ல நாலு பேர். யாருன்னு பந்தயம்?’

பதறிப்போய் விமர்சனத்தையே நீக்கினார். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் நின்றது. அதைப் பார்த்ததும் சந்தேகப்படாமல் இருந்த இரண்டு பேரும் சந்தேகப்பட்டார்கள். ஒரு வார்த்தை எழுதாமல் கதையின் முடிவைச் சொன்ன முதல் விமர்சகர் அவராகத்தான் இருப்பார்.

ஆறு மணிக்கு நர்ஸ் கூப்பிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் கையில் லென்ஸ் இருந்ததால் போனை ஒலிபெருக்கியில் போட்டார்.

“நேரா சொல்லுடா. போகட்டுமா, வேணாமா?”

“வேணாம்.”

“சரி. ஒண்ணு கேக்கறேன். போன மூணு படத்துக்கும் தேவையில்லைன்னு போட்டியே, மூணுலயும் ஆள் போனாங்களே. கதை வெளிய தெரியக் கூடாதுன்னு மறைச்சியா?”

தப்பித்துக்கொள்ள இதைவிட நல்ல கதவை யாரும் திறந்துவிட முடியாது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்கூடத் தலையை ஆட்டிக் காட்டினேன்.

“இல்ல. இடைவேளையில எழுந்து வந்துட்டேன். இதுக்கு முன்னாடி எந்தப் படத்தையும் முழுசா பாத்ததில்ல.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

“அடப்பாவி. நான் ஒருத்தி, தியேட்டர்ல துப்பட்டாவுல மூக்கைச் சிந்திக்கிட்டு, ‘எவ்வளவு நாகரிகமா மறைச்சிருக்கான்’னு உன்னை மெச்சிக்கிட்டு இருந்தேன். மூணு ஞாயிறுடா! மூணும் நீ எனக்குத் தரணும்.”

“தர்றேன்.”

“எப்படித் தருவ?”

இப்போது கடை மூடியபிறகு மாலைக் காட்சிக்குப் போகிறார், கடைசிப் பெயர் ஓடும்வரை உட்காருகிறார், வீட்டில் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். விமர்சனம் சனிக்கிழமை காலையில்தான் வருகிறது. முன்னளவுக்குச் சுவையாக இல்லை என்று கேஷியர் குறைப்படுகிறார், உண்மைதான்.

இதுவரை ஆறு படம் பார்த்தாயிற்று. ஆறிலும் யாரோ ஒருவர் போய்ச் சேர்கிறார். நர்ஸுக்கு அடுத்த விடுமுறை வரும் ஞாயிறு. நேற்றுக் குழுவில் கேட்டிருந்தாள்: ‘என் மூணுல ஒண்ணாவது வருமா?’

கண்ணாடிக்காரர் படித்துவிட்டதாக நீலக்குறி காட்டுகிறது. ஏழாவது படத்துக்குப் போயிருக்கிறார்.