அக்காவுக்காகத் தூக்கிய கிளாஸ்

1962-ஆம் ஆண்டு மே மாதம், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு வாசல் பந்தலில் நடந்தது இது. அக்காவுக்குக் கல்யாணம். எரியோட்டுக்கும் கீரனூருக்கும் பஸ் ஏறி இறங்கிப் பத்திரிகை வைத்து, பாத்திரம் வாடகைக்குப் பேசி, பந்தல்காரரோடு மல்லுக்கட்டி, அந்த வாரம் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்தால் தூங்கிவிடும் நிலையில் இருந்தோம்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, மாப்பிள்ளையின் அண்ணன் திருச்சியிலிருந்து வந்தார். ரயில்வேயில் உத்தியோகம். கல்யாணத்தன்று மாதா கோயிலில் பூசை முடிந்து, பந்தலில் கேக் வெட்டியதும், பெண் வீட்டார் பக்கத்திலிருந்து ஒருவர் 'டோஸ்ட்' சொல்ல வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அதைக் கேட்டதுகூட இல்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அச்சடித்த வாழ்த்து மடலை ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார், கண்ணாடிச் சட்டத்தோடு மாப்பிள்ளை கையில் கொடுப்பார், அதோடு சரி.

அவர் பொறுமையாக விளக்கினார். எல்லார் கையிலும் முன்கூட்டியே கிளாஸ் கொடுத்துவிட வேண்டும். பேசுகிறவர் மணமக்களைப் பற்றி ஏதாவது சொல்லி, கடைசியில் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்வார். அவர் கிளாஸை உயர்த்தி மணமக்களின் நலம் என்று சொன்னதும், எல்லாரும் அதையே திருப்பிச் சொல்லி ஒரு வாய் குடிப்பார்கள். மணமக்கள் மட்டும் எழுந்திருக்கவும் கூடாது, அந்த வாய் குடிக்கவும் கூடாது. வாழ்த்து அவர்களுக்கு அல்லவா. பிறகு மாப்பிள்ளை எழுந்து பதில் சொல்வார். முறைப்படி ஒயின்தான், ஆனால் மதுவிலக்கு நாளாயிற்றே, கலர் சோடா போதும் என்றார். காபியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

பேசுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. எதைச் சொல்வது, எவ்வளவு நேரம், சிரிப்பாகவா உருக்கமாகவா, தமிழிலா இங்கிலீஷிலா, ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "சொல்றாப்புல சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சித்தி, யாரையும் அழவைக்காமல் பேசு என்றார். என்னோடு வேலை பார்த்த நண்பர், திருச்சிக்காரர்கள் நடுவில் தமிழில் பேசினால் மதிப்பு இருக்காது என்றார். கீரனூர்ச் சொந்தங்கள் இங்கிலீஷைக் கேட்டால் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போய்விடுவார்கள் என்பது எனக்கே தெரியும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீட்டில் நடப்பதையெல்லாம் தேதியோடு குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. அதனால் விஷயத்துக்குப் பஞ்சமில்லை என்று நினைத்தேன். அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினெட்டு. டீச்சர் வேலைக்குப் போய்க்கொண்டே என்னையும் இரண்டு தம்பிகளையும் அவள்தான் ஆளாக்கினாள். மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி இறந்து, நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. 'எங்களுக்குத் தாயாக இருந்தவள் இன்று தாயில்லாத இன்னொரு குழந்தைக்கும் தாயாகப் போகிறாள்' என்று எழுதி முடித்திருந்தேன். அந்த வரியில் எனக்கே கண் கலங்கியது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை அக்கா அடுக்களையில் ஒரு வாளித் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதிருக்க. ஆனா இதப் படிக்காத."

ஏன் என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. அலுப்பாகத்தான் பேசினாள்.

"ஒரு மாசமா வாரவக எல்லாம் இதத்தான் சொல்றாக. பிள்ள வளத்துப் பழகுன கையாம். ஆயா வேலைக்கு ஆளெடுக்குற மாதிரி இருக்கு. நீயும் அம்புட்டுப் பேரு முன்னால கிளாஸத் தூக்கி அதையே சொன்னேன்னா, அந்த வீட்டுல நான் செத்த நேரம் படுத்தாக்கூடக் குத்தமாயிரும்."

"அப்ப என்னக்கா சொல்ல?"

"நான் ஒங்களுக்கு ஒண்ணுமே செய்யாத கதையா ஒண்ணு சொல்லு."

எழுந்து போய் என் குறிப்புகளை எடுத்துப் புரட்டினேன். எனக்கு அம்மை போட்டபோது அக்கா விழித்திருந்தது இருந்தது. பெரிய தம்பிக்குப் பள்ளிக்கூடம் மாற்றியது, அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனபோது பள்ளிக்கூடத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனது, எல்லாம் இருந்தன. எல்லாவற்றிலும் அவள் யாருக்காகவோ ஏதோ செய்துகொண்டிருந்தாள். அவள் சும்மா இருந்த ஒரு நாளை நான் குறித்துவைக்கவே இல்லை. அசதியில் மூளையும் ஓடவில்லை. தம்பிகளை உலுக்கி எழுப்பிக் கேட்டேன். சின்னவன்தான் பாதித் தூக்கத்தில், "ராட்டினம்" என்றான்.

மறுநாள் பந்தலில் கேக் வெட்டினார்கள். சிவப்புக் கலரை கிளாஸ்களில் ஊற்றிக் கொடுத்தார்கள். பின்னாலிருந்து பிரியாணி வாசம் வந்துகொண்டிருந்தது. அதிகாலை எழுந்து வந்த கூட்டம், எல்லார் முகத்திலும் களைப்பு. நீளமாகப் பேச முடியாது என்பது அந்த முகங்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எல்லாரையும் உட்கார்ந்தபடியே இருக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரித் தமிழிலேயே தொடங்கினேன்.

அம்மா போன அடுத்த வருஷம், கோயில் திருவிழா. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்துக்குக் காய் வாங்கி வருகிறேன் என்று காசோடு போன அக்காவை வெகுநேரம் காணோம். தேடிப் போனோம். மைதானத்தில் மர ராட்டினத்தின் உச்சியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நாங்கள் கீழிருந்து கூப்பிட்டோம். கேட்காதவள் போல, கீழே வந்ததும் இறங்காமல் இன்னொரு சுற்றுக்குக் காசு கொடுத்தாள். அப்புறம் இன்னொன்று. காசு தீர்ந்த பிறகுதான் இறங்கினாள். தலையெல்லாம் கலைந்திருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இன்னைக்கு வெஞ்சனம் கெடையாது" என்றாள். அன்று வெறும் கஞ்சி குடித்தோம்.

இதைச் சொல்லும்போதே கீரனூர்ப் பெண்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். திருச்சிக்காரர்களுக்கும் விளங்கியது. அக்கா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று சித்தி எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, மணமக்கள் நலமாக இருக்கட்டும் என்று தமிழிலும், அதையே திருச்சிக்காரர்களுக்காக இங்கிலீஷிலும் சொல்லி கிளாஸை உயர்த்தினேன். இங்கிலீஷில் பேசியது அந்த ஒரு வரிதான்.

எல்லாரும் குடித்து உட்கார்ந்ததும் மாப்பிள்ளை பதில் சொல்ல எழுந்தார். அதிகம் பேசாதவர். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். அதைப் பிரிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"எங்க வீட்டுலயும் அப்பப்ப ஒரு நாள் வெஞ்சனம் இல்லாம இருக்கட்டும்."

நன்றி என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பந்தலில் இருந்தவர்கள் நல்ல தமாஷ் என்று கைதட்டினார்கள். அக்கா மட்டும் தட்டவில்லை. நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மாதத்தில் அவள் முகத்தில் இருந்த அலுப்பு கொஞ்சம் இறங்கியதை அப்போதுதான் பார்த்தேன்.

அதன் பிறகு எத்தனையோ மேடைகளில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் நமக்கு எவ்வளவு செய்தார் என்று சொல்வது சுலபம், அவரை நமக்குத் தெரியும் என்று காட்டத்தான் நெடுநேரம் தேடவேண்டியிருக்கிறது.