சல்லி ஒதுக்கிய இடம்

கனகரட்ணம் அண்ணை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் முன்பள்ளியின் மாடிப்படி ஏறுவதைப் பார்த்தால் எனக்கே மூச்சு வாங்கும். குவைத்தில் கூரைகளுக்குக் கொதிதார் ஊற்றிக் கையெல்லாம் தழும்பான மனிசன். புத்தூரிலிருந்து பழைய மோட்டார்சைக்கிளில் வருவார். எங்கள் தட்டைக் கூரையும் அவர் போட்டதுதான்: தார் தோய்த்த ஃபெல்ட்டு விரிப்பு, கொதிதார், மறுபடி விரிப்பு, மறுபடி தார் என்று நாலு அடுக்கு. கடைசித் தாரின்மேல் சல்லிக்கல். வெயில் தாரைத் தின்னாமல் காப்பது அந்தச் சல்லிதான்.

கார்த்திகையில், பிள்ளைகளின் பாய்க்கு நடுவில் ஒழுகத் தொடங்கியது. மார்கழிக்குள் நிற்காவிட்டால் அறையைப் பூட்டுவதாக நிர்வாகசபைத் தலைவர் பரமலிங்கம் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு வேறு இடமில்லை, எனக்கு வேறு வேலையில்லை.

ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே விரிப்பு கொப்புளித்திருந்தது. அண்ணை அதை வெட்டி ஒட்டினார். அடுத்த மழைக்கும் அங்கேயே சொட்டியது. விரிப்பைக் கைப்பிடிச் சுவரோடு மேலே மடித்த இடத்தில்தான் கூரைகள் அதிகம் ஒழுகுமாம். அதையும் ஒட்டினார். அதற்கும் சொட்டியது. எனக்கு விசர் பிடித்தது.

"அண்ணை, ஏலாதெண்டால் சொல்லுங்கோ. சும்மா ஏறி இறங்கி என்ன பலன்?"

"ஓம் ரீச்சர், ரெண்டு தரமும் பிழைச்சிட்டன். தண்ணி உள்ளை பூருற இடம் வேறை, சொட்டுற இடம் வேறை. விரிப்புக்கு அடியாலை ஊர்ந்து வருது. ஒருக்கா மேலை வாங்கோ."

தூர மூலையில், ஒரு பாய் அகலத்துக்குச் சல்லியே இல்லை. தார் காய்ந்த குளமாய் வெடித்துக் கிடந்தது. நடுவில் மூன்று அடுப்புக்கற்களின் தடம். கறுமமே! முற்றம் சேறென்று போன தைப்பொங்கலை மாடியில் பொங்கினோம். கோலம் போட, சல்லியை மண்வெட்டியால் சுரண்டிச் சுவரோரம் குவித்தார்கள். முன்னுக்கு நின்றவர் பரமலிங்கம் ஐயா. திருப்பிப் பரப்ப ஒருவருக்கும் நேரமில்லை.

"பத்து மாசம் வெயில் குடிச்சிருக்கு," என்று அண்ணை அதிலேயே குந்திவிட்டார். கோபிக்கக்கூட அவரிடம் தெம்பில்லை.

மழை விட்ட நாட்களில் நனைந்த விரிப்பை வெட்டியெடுத்தார். தளத்தை உலரவிட்டு, புது விரிப்புகளை ஒன்றைவிட ஒன்று அகலமாக ஒட்டினார். மேல்தார் ஆறுமுன் சல்லியைப் பதித்தார். மார்கழி முழுக்கப் பெய்தும் ஒரு சொட்டு இல்லை. அறை எங்களுக்கே என்று நிர்வாகசபையினர் சொன்னார்கள். ஐயாவிடம் அடுப்புக் கதையை நான் விளக்கமாகச் சொன்னேன். "ஓம், ஓம்" என்றார்.

தைப்பொங்கல் வந்தது. முற்றத்தில் அதே சேறு. ஐயா பானையோடு படியேறினார். படி முடியும் இடத்துக் கதவைப் பூட்டிவிட்டு, அதை மறித்துக்கொண்டு கனகரட்ணம் அண்ணை குந்தியிருந்தார்.

"என்னப்பா, நல்ல நாளிலை வழி மறிக்கிறீர்?"

"இன்னொருக்காத் தார்ச்சட்டி தூக்கிக்கொண்டு ஏற என்ரை முழங்கால் விடாது ஐயா. கீழை பொங்குங்கோ."

ஐயா முறைத்தார். அண்ணை அசையவில்லை. சேற்றில் பலகை போட்டுக் கீழேதான் பொங்கினோம். முதல் பொங்கலை நான் மேலே கொண்டுபோனேன். கதவில் சாய்ந்தபடி அண்ணை நித்திரை. பூட்டின் திறப்பை மட்டும் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.