கைக்கு ஆகாதது

எங்கள் ஹாஸ்டல் அறையில் 'அலர்ஜி' என்ற சொல்லை யாரும் சும்மா சொல்லிவிட முடியாது. ஒருநாள் நான் வாய் தவறி, "இந்த மெஸ் உப்புமா எனக்கு அலர்ஜிடி" என்று சொல்லிவிட்டேன். கட்டிலில் கிடந்த சித்ராதேவி புத்தகத்தை மடக்கினாள்.

"எந்த டைப்பு?"

"உப்புமால என்னடி டைப்பு?"

"பிடிக்கலைன்னு சொல்லு. வயித்துக்கு ஆகலைன்னு சொல்லு. அலர்ஜின்னா எந்த டைப்புன்னு சேத்துச் சொல்லு." முகத்தில் சிரிப்பு இல்லை. இவளோடு ஒரே அறையில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியதற்கு எனக்குத் தனியாக ஒரு பட்டம் கொடுக்கலாம். ஆனால் அவள் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

சித்ரா பெரிய படிப்பாளி இல்லை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா சந்தனம் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அம்மா இறந்த பிறகு சித்ராவை வளர்த்தது அக்கா நாகஜோதிதான். அக்காவும் அதே கம்பெனியில் டெய்லர். ஜட்டிகளுக்கு இடுப்பு எலாஸ்டிக் வைத்துத் தைக்கிற வேலை. தங்கை எப்படியோ தட்டுத்தடுமாறி மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தாள். இரண்டாம் வருஷம் மைக்ரோபயாலஜி முதல் தேர்விலேயே ஃபெயில். அழுது தீர்த்துவிட்டு, அடுத்த தேர்வுக்கு என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் கேள்வி கேட்க வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

அந்தச் சாயங்காலம் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை மடித்தபடி உட்கார்ந்திருந்தோம். பாடம், ஹைப்பர்சென்சிட்டிவிட்டி. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைக் காயப்படுத்துகிற நான்கு வழிகள். எந்த வருஷமும் கேட்காமல் விடாத கேள்வி.

"டைப் ஒன்?"

"ஐஜிஇங்கிற ஆன்டிபாடி. முதல் தடவை உள்ள போறப்ப ஒண்ணும் தெரியாது, மாஸ்ட் செல்லு மேல போய் ஐஜிஇ உக்காந்துக்கும். அடுத்த தடவை அதே பொருள் வந்தா நிமிஷத்துல ஹிஸ்டமின் கொட்டும். தடிப்பு, மூச்சுத் திணறல், பிரஷர் இறங்கும். பென்சிலின் ஊசிக்கு வர்ற அனஃபிலாக்சிஸ்."

"டைப் டூ?"

"ஐஜிஜி, ஐஜிஎம். ஆன்டிபாடி நேரா செல்லு மேலயே போய் ஒட்டும். குரூப் மாறி ரத்தம் ஏத்துனா வர்ற ரியாக்‌ஷன். அப்புறம்..." நிறுத்தினாள். "ருமாட்டிக் ஃபீவர். தொண்டைக் கிருமிக்குன்னு செஞ்ச ஆன்டிபாடி, இதயமும் அதே சாயல்ல இருக்குன்னு ஆள் மாறி ஒட்டிக்கிரும். அக்காவுக்கு வந்ததுதான்."

நாகஜோதிக்குப் பன்னிரண்டு வயதில் அந்தக் காய்ச்சல் வந்து இதயத்தின் மைட்ரல் வால்வைக் கொஞ்சம் கடித்துவிட்டுப் போயிருந்தது. திரும்ப வராமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. பல வருஷம் தவறாமல் போட்டுக்கொண்டவள்தான். பிறகு தோலில் வந்த அரிப்பைக் காட்டப் போன ஒரு கிளினிக்கில் 'பென்சிலின் அலர்ஜி' என்று சீட்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள். அன்றோடு ஊசி நின்றது. பதிலுக்குக் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டியது. தையல் லைனில் மிஷின் முன் உட்கார்ந்தவள் நினைத்த நேரத்துக்கு எழுந்து ஓட முடியுமா? மாத்திரையையும் விட்டுவிட்டாள். சில மாதத்தில் தொண்டை வலி, மூட்டு வீக்கம், படியேறினால் மூச்சு வாங்கல். இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் வால்வில் கசிவு கூடியிருந்தது. இன்னொரு தாக்குதல் வந்தால் வால்வை மாற்ற வேண்டி வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊசிதான் நல்ல காவல். ஆனால் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்த எந்த நர்ஸும் ஊசியைத் தொடவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

"டைப் த்ரீ?" என்று பேச்சை நகர்த்தினேன்.

"ஆன்டிஜெனும் ஆன்டிபாடியும் கட்டிக்கிட்டு ரத்தத்துல சுத்தி, கிட்னியில, மூட்டுல போய்ப் படியும். அதே தொண்டைக் கிருமிக்கு அப்புறம் சில பேருக்குக் கிட்னி வீங்கும்ல, அது. பாம்புக்கடி மருந்து போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு வர்ற சீரம் சிக்னஸ்."

"ஃபோர்?"

"இதுல ஆன்டிபாடியே கிடையாது. டி செல்லுங்கிற வெள்ளணு. மெதுவா வரும், ரெண்டு மூணு நாளாகும். டிபிக்குப் போடுற மான்டூ டெஸ்டு. அப்புறம் கான்டாக்ட் டெர்மடைட்டிஸ், பட்ட எடத்துல தோல் தடிச்சு அரிக்கிறது. நிக்கல் கம்மல், சிமெண்ட்டு, ரப்பர்ல கலக்குற கெமிக்கல்..."

அவள் கையில் பாதி மடித்த ஒரு பாவாடை இருந்தது. அதன் இடுப்பு எலாஸ்டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி?" என்றேன்.

"அக்காவுக்கு வந்தது கையில மட்டுந்தான் சத்யா. விரல் இடுக்கு, மணிக்கட்டு. எலாஸ்டிக் பிடிச்சு இழுக்கிற எடம்."

உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். நான் ஸ்பீக்கரில் கேட்டேன். கிளினிக்கில் என்ன நடந்தது என்று நாகஜோதி சொன்னது இவ்வளவுதான்: "அந்த டாக்டரு அலர்ஜி இருக்கான்னு கேட்டாக. கையைக் காட்டி ஆமா சார், அலர்ஜின்னேன். கம்பெனியில எல்லாரும் அப்படித்தான புள்ள சொல்லுவோம்? ஊசி எப்ப போட்டன்னாரு. நாலு நாளாச்சுன்னேன். எழுதிட்டாரு."

"எக்கா, அதுக்கு முந்தின தீவாளிக்குச் சாத்தூர் போனோமே, அப்ப கை எப்படி இருந்துச்சு?"

"லீவுல சுத்தமா ஆறிருச்சே. திரும்பி வந்து மிஷின்ல உக்காந்ததும் மறுபடி வந்துருச்சு."

"அங்க ஊசி போட்டியா?"

"போட்டேனே."

சித்ரா போனை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். பென்சிலின் உடம்புக்குள் இருந்த நாட்களில் கை ஆறியிருக்கிறது. எலாஸ்டிக்கைத் தொட்டதும் திரும்ப வந்திருக்கிறது. ஒரே ஒரு சொல். அது ரப்பருக்குச் சொன்னது, ஊசியின் மேல் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

மறுநாள் நாகஜோதியை வரவழைத்து, மூவரும் மெடிசின் ஓ.பி.யில் டாக்டர் வேல்குமார் முன் நின்றோம். அவர் எங்களுக்கு வகுப்பெடுப்பவர், கொஞ்சம் கறார். சித்ரா சொன்னதை எல்லாம் கேட்டார், தலையாட்டவில்லை.

"நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா பென்சிலின் நாலு டைப்பையும் பண்ணும், தெரியுமல்ல? ஒவ்வொண்ணா தள்ளாம நான் கை வைக்க மாட்டேன்." பிறகு நாகஜோதி பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மிணி, ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல எப்பவாச்சும் உடம்பெல்லாம் தடிச்சுதுங்களா? மூச்சு இழுத்துதா, மயக்கம் வந்துதா?"

"இல்ல சார். ஒருதரங்கூட இல்ல."

"கண்ணு மஞ்சளாச்சா, ஒண்ணுக்கு கருப்பாப் போச்சா, ரத்தம் கொறஞ்சிருச்சுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்ல."

"ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு காய்ச்சல், மூட்டு வீக்கம்?"

நாகஜோதி தயங்கினாள். "மூட்டு வீங்குச்சே சார்."

சித்ராவின் முகம் செத்துப்போனது. டைப் த்ரீ. இவ்வளவு தூரம் வந்து இதில் போய் மாட்டிக்கொண்டோமே என்று எனக்கும் தோன்றியது. டாக்டர் சித்ராவைத்தான் பார்த்தார். "சொல்லு. இது சீரம் சிக்னஸ்னா என்ன பண்ணுவ?"

சித்ரா விரல் விட்டு மாதங்களை எண்ணினாள். "சார், மூட்டு வீங்கினது ஊசிய நிறுத்தி ஆறு மாசம் கழிச்சு. அப்ப உடம்புல பென்சிலினே இல்ல. அது அக்காவோட பழைய காய்ச்சல் திரும்பினது, சார். ஊசி நின்னதாலதான் வந்துச்சு."

அவர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். "ம். வாய் புண்ணாகி, தோல் கொப்புளமா உரிஞ்சதுண்டுங்களா அம்மிணி? அப்படி ஒண்ணு இருந்தா சோதிச்சே பாக்கக் கூடாது."

அதுவும் இல்லை. அரிப்புக்கு நாகஜோதி மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார். அது இருந்தால் ஊசிச் சோதனை பொய் சொல்லும். அதற்குள் தோல் பிரிவில், ஒவ்வாமை தரும் பொருட்களைத் தனித்தனியாக வைத்த சோதனைப் பட்டைகளை முதுகில் ஒட்டினார்கள். இரண்டாம் நாள் எடுத்துப் பார்த்தபோது லேசான சிவப்பு. நான்காம் நாள் ரப்பர் கெமிக்கல் வைத்த இடம் மட்டும் சிவந்து, தடித்து, பொரிப்பொரியாக நின்றது. டைப் ஃபோர், புத்தகத்தில் உள்ளபடியே, ஆற அமர வந்தது.

ஆனால் அது ரப்பருக்கான பதில். பென்சிலினுக்கான பதிலை அவள் உடம்புதான் சொல்ல வேண்டும். வார்டில் படுக்க வைத்து, ஏதாவது ஆனால் உடனே போட அட்ரினலினைத் தட்டில் தயாராக எடுத்து வைத்துக்கொண்டு, முன்கையில் பென்சிலின் சோதனை செய்தார்கள். இருபது நிமிடம் கழித்து, ஒப்பிட ஹிஸ்டமின் போட்ட இடம் மட்டும் வீங்கியது. பென்சிலின் போட்ட இடம் சும்மா கிடந்தது. பிறகு அதே குடும்பத்து அமாக்சிசிலின் மாத்திரை ஒன்று.

நாகஜோதி அதை விழுங்கினாள். சித்ரா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவின் கழுத்தையும் உதட்டையும் பார்த்தபடி இருந்தாள். "நான் சொன்னது தப்பா இருந்தா நானே அக்காவக் கொன்னமாதிரி ஆயிரும் சத்யா" என்று என் காதில் சொன்னாள். நான் அவளைக் கிண்டல் செய்யாத ஒரே நேரம் அதுதான். எனக்கும் பயம்.

நாகஜோதிதான் எங்களைத் தேற்றினாள். "எனக்கு நல்லாத்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் போய்ச் சாப்பிடுங்க."

ஒன்றும் நடக்கவில்லை. தடிப்பு இல்லை, இழுப்பு இல்லை, பிரஷர் அசையவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காக நான் சாமி கும்பிட்டது அன்றைக்குத்தான். மறுநாள் காலை ஊசி போட்டார்கள். டாக்டர் சிவப்பு எழுத்தைக் குறுக்கே அடித்து, கீழே கையெழுத்துப் போட்டார். அடித்துவிட்டு, "எக்கோல இருக்கற கசிவு இருக்கறதுதானுங்க. இனிமேல் கூடாமப் பாத்துக்கலாம்" என்றார். அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார், இருந்தும் சித்ரா வராந்தாவுக்குப் போய் அழுதாள். ஊசி இல்லாமல் போன அந்த மாதங்களை எந்தப் பேனாவாலும் அடிக்க முடியாதே.

பல்கலைத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. வாய்மொழித் தேர்வில் எக்ஸாமினர் டைப் டூவுக்கு உதாரணம் கேட்டார். ருமாட்டிக் ஃபீவர் என்று சொல்லும்போது சித்ராவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டதாம். பயத்தில் திணறுகிறாள் என்று நினைத்து அவர் தண்ணீர் குடிக்கச் சொன்னாராம். பாஸாகிவிட்டாள்.

அதற்கு முன்பே, மூன்று வாரம் முடிந்து அடுத்த ஊசி வந்தபோது நானும் கூடப் போனேன். நாகஜோதியைக் கம்பெனியில் பேக்கிங்குக்கு மாற்றியிருந்தார்கள். கை ஆறி, தோல் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. ஊசி அறையில் புது நர்ஸ். ரப்பர் கையுறையை மாட்டியபடியே, "அலர்ஜி ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டார்.

சித்ரா வாயைத் திறந்தாள். நாகஜோதி அவள் கையைப் பிடித்து அமர்த்திவிட்டாள்.

"ரப்பரு என் தோலுக்கு ஆகாது சிஸ்டர், ரெண்டு நாள்ல கெளப்பிரும். அந்த உறைய மாத்திக்கோங்க. இந்த ஊசி எனக்கு ஆகும். போடுங்க."

நர்ஸ் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையைக் கழுவ எழுந்து போனார்.