பரிசுக்காகச் சேர்ந்த பெயர்கள்

தர்மபுரி வத்தல்மலை விவசாயிகளோடு சேர்ந்து, அங்கே விளையும் சாமையில் நாங்கள் தயாரிக்கும் உலர் தோசை மாவை விற்பனைக்குக் கொண்டுவருமுன், எத்தனை பேர் வாங்குவார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். ஆவலைத் தூண்டும் சிறு வீடியோவும் முன்பதிவுப் பக்கமும் போடும் வேலையை ஒரு விளம்பரக்காரரிடம் கொடுத்தேன்.

சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கானோர் பதிந்தார்கள். "மலையில இருக்கற சாமை மொத்தத்தையும் அரைக்கச் சொல்லுங்க," என்றார் அவர். அரைத்த மாவு அதிக நாள் தாங்காது. சந்தேகப்பட்டு, பதிந்தவர்களில் சிலரை நானே போனில் அழைத்தேன்.

"மாவா? அது தெரியாதுங்க. செல்போன் குலுக்கல் எப்பங்க?" என்றார் ஒரு பென்னாகரத்துப் பெண். மற்றவர்களும் அதையே கேட்டார்கள். என்னிடம் சொல்லாமலே, பதிந்தால் குலுக்கலில் செல்போன் பரிசு என்று விளம்பரக்காரர் அறிவித்திருக்கிறார்!

கொதித்துப்போய் அவர் அலுவலகத்துக்குப் போனேன்.

"பேரு சேந்துச்சில்லீங்க, அதான முக்கியம்?" என்றார்.

"உங்க பேச்ச நம்பி மலைக்காரங்க அரைச்சிருந்தா, புழுத்த மாவ உங்க வூட்லயாங்க கொட்டறது?" என்று கத்தினேன்.

அறிவித்த பரிசை அவர் செலவிலேயே கொடுக்கவைத்தேன். பிறகு பரிசு இல்லாமல், விலையைச் சொல்லி, எப்போது வேண்டும் என்று மட்டும் கேட்டுப் புதிய பக்கம் போட்டேன். கொஞ்சம் பேர்தான் பதிந்தார்கள். அந்த அளவுக்கே அரைத்தோம், பெரும்பாலானோர் வாங்கினார்கள்.

அந்த மனிதரோ பழைய எண்ணிக்கையைத் தன் சாதனையாக இன்னும் விளம்பரம் செய்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றி எரிகிறது.