பாறை வளைவின் மெலிந்த கால்

கடற்கரை அளவை அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'அளவுக்காரி'. வீட்டில் அத்தான் வைத்த பெயரும் அதேதான், கொஞ்சம் கிண்டலோடு. "சோத்துக்கு உப்பு போடறதுக்கும் அடிக்கோல் வச்சுப் பாப்பா எங்க மச்சினி" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவள் சிரித்துக்கொள்வாள். கேலி செய்கிற வாய்தானே, பள்ளிக்கூடச் சம்பளம் கட்டிய கையும் அவருடையது!

அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பதினொரு வயது. கல்யாணமாகி ஒரே வருஷம் ஆகியிருந்த அக்காள் அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அத்தான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாறை முனையின் மேல் அவர் ஒரு தேநீர்க் கடை வைத்திருந்தார். அந்தக் கடையின் ஆவியில்தான் அவள் படித்தாள், வளர்ந்தாள், வேலைக்கும் போனாள். கல்யாணம் மட்டும் கூடி வரவில்லை. அதைப் பற்றி அவள் பேசியதுமில்லை.

அந்தப் பாறை முனை பார்க்கிறவர்களை நிற்க வைக்கும் அழகு. கரையோரம், அலை குடைந்த இரண்டு குகைகள். அவற்றைத் தாண்டினால், பாறைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடைந்துகொண்டே போன குகைகள் நடுவில் சந்தித்ததால் உண்டான பெரிய வளைவு. அதற்கும் அப்பால் தண்ணீரில் தனியாக நிற்கும் கல் தூண். கடைசியில், கடல் வற்றும் நேரத்தில் மட்டும் தலை காட்டும் ஒரு குட்டைப் பாறை. கடை இருந்தது வளைவின் முதுகில்.

வருஷத்தில் கடல் மிகவும் உள்வாங்கும் நாளில், எதிர்ச் சரிவில் அடித்திருக்கும் இரும்பு ஆணியின் மேல் கேமராவை நிறுத்தி, அந்த முனையை ஒரே படமாக எடுப்பது அவள் வேலை. அதே இடம், அதே லென்ஸ். இந்த வருஷப் படத்தைப் போன வருஷப் படத்தோடு ஒப்பிட்டால் பாறை எவ்வளவு தேய்ந்தது என்று தெரிந்துவிடும். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் கடைக்கு வருஷா வருஷம் அனுமதி கிடைக்கும்.

அவள் வேலையில் சேர்ந்த வருஷம் எடுத்த முதல் படத்தை அத்தான் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்தார். யார் கேட்டாலும் கரண்டியால் சுட்டிக்காட்டி விளக்குவார். "இது ஒரு குடும்பப் படம் சார். கரைப் பக்கம் இருக்கற குகை குழந்தை. வளைவு கல்யாண வயசு. மேல இருக்கற கூரை விழுந்தா தூண், அது ஒண்டிக்கட்டை. தூணோட அடிய அலை அரிச்சுச் சாய்ச்சிட்டா மிச்சம் அந்தக் குட்டை, அது கிழம். நாலு தலைமுறையும் ஒரே படத்துல!"

சொல்வது அத்தனையும் சரிதான். ஆனால் கல்யாண வயதின் முதுகில்தான் தாம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மட்டும் அவர் சொல்லமாட்டார்.

அந்த வருஷமும் அவள் படம் எடுத்தாள், அளந்தாள். வளைவின் கடல் பக்கக் கால் நான்கு வருஷமாக ஒரே தடிமன். 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை நல்ல செய்தி சொல்லக் கடைக்குப் போனாள். அக்காள் தேநீரை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு சும்மா சுவரைப் பார்த்தவள், தேநீரை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் போனாள்.

பழைய படத்தில், வளைவின் ஓட்டைக்கு நடுவே, தூரத்து முனையில் இருக்கும் கலங்கரை விளக்கம் குச்சி மாதிரி தெரிந்தது. நேற்று எடுத்த படத்தில்? கைப்பையிலிருந்து அவசரமாக எடுத்துப் பார்த்தாள். கலங்கரை விளக்கத்தைக் காணோம். அது வளைவின் காலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

பாறை நடக்காது. கலங்கரை விளக்கமும் நடக்காது. அப்படியானால் நடந்தது யார்?

அவள்தான்! நான்கு வருஷத்துக்கு முன் பெருமழையில் எதிர்ச் சரிவு சரிந்து, பாதையைப் புதிதாகப் போட்டார்கள். பெயர்ந்த ஆணியை வேலையாட்கள் புதுப் பாதையின் திருப்பத்தில் நட்டுவிட்டார்கள். பழைய ஆணியும் ஒரு திருப்பத்தில்தான் இருந்தது. ஆணி இருக்கிறதா என்று பார்த்தாளே தவிர, அது அதே இடத்தில் இருக்கிறதா என்று அவள் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் அளவு சொல்கிறவள்!

"அத்தான், அந்தப் படத்தக் கொஞ்சம் கழட்டித் தர்றீங்களா?"

"ஏம்மா? கடையில அழகா இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா, அப்புறம் உங்க அக்கா முகத்தக் காட்டியா நான் வியாபாரம் பண்றது?"

"ஆமா, என் முகத்தப் பாத்துதான் கூட்டம் ஓடுதாக்கும். இவரு போடற டீயக் குடிச்சுட்டு ஓடறாங்க" என்றாள் அக்காள் உள்ளேயிருந்து.

அவளால் சிரிக்க முடியவில்லை. "நீங்களும் என்கூட வாங்க அத்தான்" என்றாள். குரலைக் கேட்டு அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

எதிர்ச் சரிவில், பழைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் புதருக்குள் நடந்தாள். கலங்கரை விளக்கம் ஓட்டைக்குள் வர வேண்டும். தூணில் இருக்கும் வெடிப்பு, அதன் பின்னால் தெரியும் குட்டைப் பாறைக்கு நேராக வர வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பொருந்துவது உலகத்தில் ஒரே இடத்தில்தான். ஆணியிலிருந்து பதினெட்டுத் தப்படி தள்ளி அந்த இடம் கிடைத்தது. முட்செடி புடவையைக் கிழித்திருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

கேமராவை நிறுத்தி அத்தானைப் பார்க்கச் சொன்னாள். அவர் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மறுபடியும் கேமராவில் கண்ணை வைத்தார்.

"என்னம்மா இது? கால் இப்படி ஒல்லியாப் போயிருக்கு! நாலு வருஷமா மாறலன்னுதானே சொன்னே?"

"ஒரு புத்தகத்த முதுகுப் பக்கமா பாத்தா ஒல்லியா தெரியும். கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா அட்டையும் சேந்து தெரியும், தடியாத் தோணும். அந்தக் கால் அகலம் கம்மி, ஆழம் ஜாஸ்தி. நான் நாலு வருஷமா அட்டையையும் சேத்து அளந்திருக்கேன் அத்தான். அலை அரிச்ச பள்ளம் அட்டைக்குப் பின்னால மறைஞ்சிருக்கு." அவள் வளைவைக் கையால் காட்டினாள். "கால்வாசி தேஞ்சு போச்சு. நான் தப்பா எழுதிக் கொடுத்துட்டேன். அந்தத் தப்பு மேல உங்கள உக்கார வச்சிருக்கேன்."

கீழே கடல், தன் பாட்டுக்கு அந்தக் காலைத் தடவிக்கொண்டிருந்தது, பூனை மாதிரி.

"எழுதிட்டியா? குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன். திரும்ப வாங்கணும்."

"வாங்கினா உனக்கு என்ன ஆகும்?"

அவருடைய கடை போகப் போகிறது. அவர் கேட்டதோ அவளைப் பற்றி. அங்கேயே உட்கார்ந்து அழுதாள் அளவுக்காரி.

மறுநாள் அலுவலகத்தில் நான்கு வருஷ அறிக்கைகளையும் மேலதிகாரியின் மேசையில் வைத்து, "இதெல்லாம் தப்பு சார்" என்றாள். அவர் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"நீங்களா சொல்லாட்டி யாருக்கும் தெரிஞ்சிருக்காதும்மா."

"பாறைக்குத் தெரியும் சார்."

விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் வந்தது. வர வேண்டிய பதவி உயர்வு தள்ளிப் போனது. வளைவின் மேல் யாரும் போகக் கூடாதென்று வேலி போட்டார்கள். கடை, கரைப் பக்கம் பேருந்து நிற்கும் இடத்துக்கு மாறியது. கடலைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிக்க வந்த கூட்டம், பேருந்தின் பின்பக்கத்தைப் பார்த்துக் குடிக்க வரவில்லை.

அக்காளால் அதைத் தாங்க முடியவில்லை. "நாங்க போட்ட டீயில படிச்சவ, எங்க அடுப்பையே அணைச்சுட்டா" என்றாள். அதோடு தங்கையிடம் பேச்சை நிறுத்தினாள்.

சரி, வளைவாவது உடனே விழுந்ததா? அதுவும் இல்லை! ஒரு மழைக்காலம் போனது. வளைவு நின்றது. புயல் ஒன்று வந்தது, கரையோர மரங்களைச் சாய்த்தது, வளைவு நின்றது. "உங்க மச்சினி கணக்கு என்னாச்சு?" என்று ஊர் கேட்டது. அத்தானோ, "கல்லு ஒண்ணும் எங்க மச்சினி ஆபீஸ்ல வேல பாக்கலியே, குறிச்ச தேதிக்கு விழ" என்று சிரித்துச் சமாளிப்பார். வாரம் ஒருமுறை அவள் புதுக் கடைக்குப் போவாள். தேநீர் அவள் முன் வரும், அக்காளின் கையால்தான் வரும், சர்க்கரையும் சரியாக இருக்கும். வார்த்தை மட்டும் வராது. நிற்கிற வளைவைப் பார்த்து அவளுக்கே சில நாள் ஆத்திரம் வரும். விழு என்று நினைப்பாள். நினைத்துவிட்டு வெட்கப்படுவாள்.

பத்து மாதம் கழித்து, காற்றே இல்லாத ஒரு நடுப்பகல். கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி கிடந்தது. அலுவலகத்துத் தொலைபேசி ஒலித்தது.

"மச்சினி, நம்ம குடும்பப் படத்துல ஒரு தூண் கூடிடுச்சும்மா" என்றார் அத்தான். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இடி மாதிரி ஒரே ஒரு சத்தம். தூசி அடங்கிப் பாத்தா, நம்ம அடுப்பு இருந்த இடத்துல வானம் தெரியுது."

"யாருக்காவது...?"

"யாருமில்ல. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காக்கா கூட இல்ல."

அவர் குரலுக்குப் பின்னால் யாரோ விம்முவது கேட்டது. அது யாரென்று அவள் கேட்கவில்லை.

அந்த வருஷம் கடல் உள்வாங்கும் நாளில், பழைய இடத்தில் சிமெண்ட் போட்டு இறுக்கிய புது ஆணியின் மேல் அவள் கேமராவை நிறுத்திக்கொண்டிருந்தாள். பின்னால் புதர் சலசலத்தது. திரும்பிப் பார்த்தாள். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் புடவைக் கொசுவம், மூச்சு வாங்க அக்காள் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"இதுக்குன்னு ஒரு நல்ல வழி போடக் கூடாதா உங்க ஆபீசு? முள்ளு முள்ளா இருக்கு" என்றாள். ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அக்காள் தேநீரை ஊற்றித் தங்கையின் கையில் திணித்துவிட்டு, கடலைப் பார்த்தாள். இரண்டு தூண்கள் நின்றன. கரைப் பாறைக்கும் புதுத் தூணுக்கும் நடுவே, மறைக்க எதுவுமில்லாமல், கலங்கரை விளக்கம்.

"அவரு சட்டம் வாங்கி வச்சிருக்காரு, புதுப் படத்தையும் மாட்டணுமாம்" என்றாள். பிறகு மெல்ல நெருங்கி வந்தாள். "எங்க நின்னு பாக்கணும்? எனக்கும் காட்டு."

அளவுக்காரி தான் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்து, அக்காளின் தோளைப் பிடித்து ஆணிக்கு நேராக நிறுத்தினாள். ஒரு விரற்கடை கூடப் பிசகாமல்.