கிணற்றில் அடித்த மருந்து வாடை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் ஜில்லா போர்டில் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தேன். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு, கொடுமுடிக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரையோர ஊர் ஒன்றில் வாந்திபேதி என்று தகவல் வந்தது. பிளீச்சிங் பவுடர் டின்னையும் ஊசிப் பெட்டியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.

ஊர்ப் பெரியவர் என்னைக் கண்டதும், "ஏனுங்க, இதுக்குப் போயி நீங்க சிரமப்படோணுமா? சனிக்கிழமை ஒரு காதுகுத்து விருந்துங்க. அதுல தயிர்ச்சோறு கெட்டுப்போச்சு. அம்புட்டுத்தானுங்க" என்றார்.

விருந்துச் சாப்பாடு கெட்டிருந்தால், உண்டவர்கள் அன்று பொழுது சாய்வதற்குள்ளோ மறுநாளோ ஒன்றாகப் படுத்திருப்பார்கள். பெரும்பாலோர் ஓரிரு நாளில் எழுந்தும் இருப்பார்கள். இங்கே ஞாயிறன்று ஒருவர், செவ்வாயன்று இருவர், புதனன்று நால்வர் என்று ஒருவர்பின் ஒருவராக விழுந்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் விருந்துக்கே போகவில்லை. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஊர்க் கிணறு ஒன்றுதான். அரிசி கழுவிய தண்ணீர் போலப் போகிறது என்று வீட்டுக்கு வீடு சொன்னார்கள். காலராதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதலில் படுத்தவர் ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் முழுகிவிட்டுத் திரும்பிய ஒரு அம்மாள். அவருடைய சேலைகளைக் கிணற்றடிக் கல்லில் துவைத்திருந்தார்கள். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. கல்லின் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு நான் குனிந்து உள்ளே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கல் இடுக்கு வழியாக அந்தத் தண்ணீர் உட்சுவரில் கசிந்து இறங்கிற்று. கூடியிருந்தவர்கள் முண்டியடித்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையிலேயே தவறும் செய்தேன். கிணற்றின் அகலத்தையும் ஆழத்தையும் கயிற்றால் அளந்து, எத்தனை காலன் தண்ணீர் என்று கணக்கிட்டு, அதற்கேற்பப் பவுடரை நிறுத்துப் போட வேண்டும். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வீட்டில் நோயாளிகள் காத்திருந்தார்கள். கூடப் போட்டால் கேடில்லை என்று எண்ணி, கைமதிப்பாகவே வாளியில் கரைத்தேன். சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரைக் கிணற்றில் இறக்கி, வாளியை மேலும் கீழும் ஆட்டிக் கலந்தேன். விடியும்வரை யாரும் இறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வேண்டிய அளவைப்போல இரண்டு பங்காவது போட்டிருப்பேன்.

மறுநாள் காலையில் சாவடியில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்யும் ஒருவர் மனைவியோடு வந்தார். முப்பது வயதிருக்கும், திடமான ஆள். ஊசி குத்தும்போது சிரித்தார். அவர் மனைவி தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "ஏனுங்க சார், தண்ணி நாறுதுங்க. வாயில வெக்க முடியலீங்க" என்றாள்.

"நாறுனாத்தான் அம்மணி மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றேன், தலையை நிமிர்த்தாமல்.

"இல்லீங்க, சோத்துல ஊத்துனா சோறே நாறுதுங்க…"

"ரெண்டு நாளைக்குப் பொறுத்துக்கங்க. அடுத்த ஆள் வாங்க."

அவள் மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். வரிசை நீண்டிருந்தது. "சரிங்க" என்று நகர்ந்துவிட்டாள்.

அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலோ, அகன்ற பாத்திரத்தில் சில மணி நேரம் ஆற வைத்தாலோ வாடை போய்விடும். அதைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது. வாய்க்கால் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று சொல்ல அதைவிடக் குறைவான நேரமே ஆகியிருக்கும். வாய்க்கால் நீர் வரும் மேல்பக்கத்துக் குக்கிராமத்திலும் நோய் இருப்பதும், அங்கே நோயாளிகளின் துணியை அதே வாய்க்காலில் அலசுவதும் எனக்குத் தெரியும். அன்று மத்தியானம் அதைத் தடுக்கத்தான் அங்கே போனேன்.

நான்காம் நாள் திரும்பி வந்தேன். கிணற்றடியில் ஆளில்லை. பெண்கள் குடத்தோடு வாய்க்காலிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். சைக்கிளைக் கிணற்றடியில் சாய்த்துவிட்டு வீடு வீடாக எட்டிப் பார்த்தேன்.

கொடிக்கால்காரர் வீட்டுக்குள் படுத்திருந்தார். கண்கள் குழிக்குள் போய்விட்டன. கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. குரல் கம்மி, காற்றாகத்தான் வந்தது. தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, விடிந்ததிலிருந்து ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை. நான் உப்புப் போட்ட கஞ்சியை மடக்கு மடக்காகக் கொடுக்க வைத்தேன். குடித்ததெல்லாம் வெளியே வந்தது.

"ஊசி போட்டாச்சேன்னு தெகிரியமா இருந்தமுங்க" என்றாள் அவர் மனைவி. ஊசி பலன் தர ஒரு வாரமாவது ஆகும் என்பதையும் நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

மூலையில் பழைய சோற்றுப் பானை இருந்தது. முந்தின நாள் சோறு, வாய்க்கால் தண்ணீரில் ஊறிக் கிடந்தது.

உப்புநீரை நரம்பில் ஏற்றினால்தான் பிழைப்பார் என்று வண்டி கட்டச் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரி வெகுதூரம். பாதி வழியில், ஒரு புளியமரத்துக்கடியில் வண்டிக்காரர் மாட்டை நிறுத்தினார். நான் நாடி பார்த்தேன். துடிப்பு இல்லை.

வண்டியில் கூட வந்த அவர் மனைவி அழவில்லை. என்னைப் பார்த்து, "நாறுதுன்னு சொன்னனுங்களே" என்றாள். குற்றம் சாட்டும் குரலாக அது இல்லை. எங்கே தப்பு நடந்தது என்று தனக்குத்தானே தேடிப் பார்க்கிற குரல்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். கிணற்றை அளந்து, பவுடரை எடை பார்த்து, சரியான அளவில் போட்டேன். அதன் தண்ணீரை எல்லோர் முன்னாலும் குடித்துக் காட்டினேன். வீடு வீடாகப் போய் அடுப்படியில் உட்கார்ந்து எடுத்துச் சொன்னேன்: தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு இறக்கி, மூடி வையுங்கள். பானைக்குள் கையை விடாமல் காம்பு நீண்ட அகப்பையால் மொள்ளுங்கள். இந்த நோய் போகும்வரை சுடுசோறே உண்ணுங்கள். பிறகும் பழைய சோற்றுக்கு ஆறிய வெந்நீரையே ஊற்றுங்கள். ஈ மொய்த்ததைக் கொட்டிவிடுங்கள். நோயாளியின் துணியை வேகவைக்காமல் எங்கும் அலசாதீர்கள். அவர் கழிவைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டுச் சோற்றைத் தொடுங்கள். பெண்கள் பொறுமையாகக் கேட்டார்கள்; கேள்வியும் கேட்டார்கள். இரண்டு வாரத்தில் நோய் நின்றது.

மேலதிகாரிக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. கிணறு சுத்திகரிக்கப்பட்ட பின்னும் நோய் ஏன் தொடர்ந்தது என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு எழுதினேன்: "ஜனங்கள் அறியாமையால் வாய்க்கால் தண்ணீரைப் பருகினார்கள்." மருந்தின் அளவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. என் வேலையைப் பாராட்டிப் பதில் கடிதம் வந்தது.

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. நாலைந்து மாதம் கழித்து அந்த ஊருக்குப் போனேன். கொடிக்கால்காரர் மனைவியிடம் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வீடு பூட்டியிருந்தது. அண்ணன் வீட்டோடு போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டேன். ஊரின் பெயரையும் சொன்னார். அரை நாள் சைக்கிள் தூரம்தான்.

நான் போகவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தேன். பிறகு வேறு ஜில்லாவுக்கு மாற்றல் வந்தது.